பார்லர் கடனும் ஆடி மாதக் கணக்கும்

அழகு நிலையம் தொடங்கக் கடன் கேட்டு வரும் மனுக்கள் பலவற்றில் ஒரே மாதிரி வரி இருக்கும்: 'தினமும் பத்து வாடிக்கையாளர், தலைக்கு 300 ரூபாய், மாதம் 90,000 வருமானம்.' வங்கி மேலாளருக்குச் சந்தேகம் வருவது இந்த இடத்தில்தான். பார்லருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் புருவம் திருத்திக்கொண்டு 50 ரூபாய் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்.

ஒரு சிற்றூர்க் கடையை எடுத்துக்கொள்வோம். வீட்டிலேயே தொழில் செய்துவந்த பெண் ஒருவர் கடைத்தெருவுக்கு மாறுகிறார். இரண்டு ஹைட்ராலிக் நாற்காலி, ஃபேஷியல் கட்டில், தலை அலசும் தொட்டி, ஸ்டீமர், கண்ணாடிகள், இன்வெர்ட்டர் எல்லாம் சேர்த்து 2 லட்சம். கையிருப்பு 40,000, கேட்பது 1,60,000. முத்ரா திட்டத்தில் இது 'கிஷோர்' பிரிவில் வரும். சொத்து ஈடு தேவையில்லை. 12 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 5,300 ரூபாய்.

வருமானத்தைச் சேவைவாரியாக எழுத வேண்டும். மாதத்துக்குப் புருவம் 208 பேர், முடிவெட்டு 40, ஃபேஷியல் 15 என்றால் வரவு 32,400. வாடகை, உதவியாளர் சம்பளம், மின்சாரம், கிரீம் செலவு போக மிஞ்சுவது 9,100. தவணை கட்டிவிடலாம்.

ஆடியில் என்ன ஆகும்? முகூர்த்தம் இல்லை, விசேஷம் இல்லை. வரவு 24,000 ஆகக் குறைந்தாலும் வாடகையும் சம்பளமும் குறையாது, மிச்சம் 2,400தான். தவணைக்கு 2,900 துண்டு விழும். புரட்டாசியும் மார்கழியும் இப்படியே. ஆண்டுக்கு எட்டு மணப்பெண் அலங்காரம் கிடைத்து, ஒவ்வொன்றிலும் செலவு போக 5,000 நின்றால், அந்த 40,000தான் இந்த மூன்று மாதங்களைத் தாங்கும். வைகாசியில் வரும் பணத்தை ஆடித் தவணைக்கென ஒதுக்குவதாக மனுவிலேயே எழுதியிருந்தால், தொழில் தெரிந்தவர் போட்ட கணக்கு இது என்று மேலாளருக்குப் புரியும்.

ஆண்டு முழுக்கக் கூட்டினால் உபரி 1,29,000, தவணை 64,000. வீட்டுக்கு எடுக்கக்கூடியது மாதம் 5,400தான். இதில் குடும்பம் நடக்காது என்றால் கடனைக் கூட்டுவது வழியல்ல. இரண்டாவது நாற்காலியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பதே நல்லது.

எண்களுக்குச் சாட்சியும் வேண்டும். வீட்டில் தொழில் செய்த காலத்து வாடிக்கையாளர் நோட்டு, ஜிபேயில் பணம் வந்ததைக் காட்டும் வங்கிக் கணக்கு விவரம், ஜிஎஸ்டி எண்ணுள்ள கடையின் விலைப்பட்டியல் ஆகியவற்றை இணைக்கலாம். கருவிக் கடனைப் பெரும்பாலும் வங்கி நேரே அந்தக் கடையின் கணக்குக்கே அனுப்பிவிடும். அதனால் அட்வான்ஸ், பெயர்ப்பலகை போன்ற செலவுகளுக்குக் கையில் தனியாகப் பணம் இருக்க வேண்டும். புது இடத்தில் ஆள் சேரும்வரை, முதல் மூன்று மாதம் வட்டி மட்டும் கட்ட அவகாசம் தேவையென்றால் அதையும் மனுவிலேயே கேட்டுவிட வேண்டும். கையெழுத்தான பிறகு தவணை அட்டவணையை மாற்றுவது கடினம்.