அடுத்த காட்சி முதலில் காதில் விழட்டும்

மைக் நிக்கல்ஸ் இயக்கத்தில் 1967-இல் வெளிவந்த படம் ‘தி கிராஜுவேட்’. கல்லூரியை முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கும் பெஞ்சமின், நீச்சல்குளத்தில் மிதக்கும் காற்றுமெத்தையை நோக்கி நீந்துகிறான். தண்ணீருக்குள்ளிருந்து எம்பி அதன்மேல் விழுகிறான். விழுந்த நொடியில் குளமும் இல்லை, மெத்தையும் இல்லை. ஹோட்டல் அறைப் படுக்கையில் திருமதி ராபின்சன்மேல் கிடக்கிறான். சற்று நேரத்தில், இன்னும் அந்த அறைதான் திரையில் இருக்கும்போது, அப்பாவின் குரல் கேட்கிறது: என்னடா பண்ணிக்கொண்டிருக்கிறாய் என்று. பெஞ்சமின் தலையைத் திருப்புகிறான். அடுத்த ஷாட்டில் குளக்கரையில் வெயிலை முதுகில் வாங்கியபடி அப்பா நிற்கிறார்.

படத்தொகுப்பாளர் சாம் ஓ'ஸ்டீன் இங்கே இரண்டு வேலைகளை அடுத்தடுத்துச் செய்திருக்கிறார். முதலாவது மேட்ச் கட். எம்புவது ஓர் இடத்தில், விழுவது வேறோர் இடத்தில், ஆனால் அசைவு ஒன்றே. இரண்டாவது ஜே கட். அடுத்த காட்சியின் ஒலி முதலில் வந்துவிடுகிறது, படம் பிறகு வருகிறது. இதன் மறுபக்கம் எல் கட். அதில் படம் அடுத்த இடத்துக்குப் போன பிறகும் பழைய காட்சியின் ஒலி தொடர்கிறது. எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் மேலே படமும் கீழே ஒலியும் பட்டைகளாக இருக்கும். கீழ்ப் பட்டை இடப்பக்கம் நீண்டால் ஆங்கில ஜே எழுத்து போலவும், வலப்பக்கம் நீண்டால் எல் போலவும் தெரியும்.

படமும் ஒலியும் ஒரே ஃபிரேமில் மாறும்போதுதான் வெட்டு நம் கண்ணில் படுகிறது. எல்லாம் ஒன்றாக அறுந்து எல்லாம் ஒன்றாகத் தொடங்குவதால், யாரோ நம்மை இழுத்து வேறிடத்தில் நிறுத்தியது போல இருக்கிறது. இரண்டில் ஒன்று முன்பே மாறிவிட்டால் மற்றொன்று மாறுவதற்கு மனம் தயாராகிவிடுகிறது. அன்றாட வாழ்விலும் சத்தம் கேட்ட பிறகுதானே திரும்பிப் பார்க்கிறோம்! பெஞ்சமின் தலையைத் திருப்புவது நமக்கும் சேர்த்துத்தான்.

ஒரு குறும்படக் காட்சியை வைத்துப் பார்க்கலாம். இரவு. அப்பா பாயில் துண்டை விரித்து, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கான ரூபாய் நோட்டுகளை எண்ணி அடுக்குகிறார். அடுத்த காட்சி மறுநாள் காலை, கல்லூரி அலுவலகத்தின் கட்டணக் கவுன்ட்டர். நேராக வெட்டினால் பூச்சிச் சத்தம் பட்டென்று நின்று கூட்ட இரைச்சல் பட்டென்று தொடங்கும்.

ஜே கட் என்றால், அப்பாவின் முகம் திரையில் இருக்கும்போதே, “அடுத்து யாருங்க? வாங்க” என்ற கிளார்க்கின் குரல் கேட்க வேண்டும். அவர் தலை நிமிர்கிறார். அப்போது கவுன்ட்டர். குரல் எவ்வளவு முந்தலாம்? நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் 18 ஃபிரேம், அதாவது முக்கால் நொடி, நல்ல தொடக்கம். நான்கைந்து ஃபிரேம் மட்டும் முந்தினால் எடிட்டரின் கை நழுவியது போலத் தோன்றும். மூன்று நொடி முந்தினால் பக்கத்து அறையில் யாரோ பேசுகிறார்கள் என்று பார்வையாளர் நினைத்துவிடுவார்.

இதை அடோபி பிரீமியரில் செய்வது எளிது. N விசையை அழுத்தி Rolling Edit Tool-ஐ எடுங்கள். விண்டோஸ் கணினியில் Alt விசையைப் பிடித்துக்கொண்டு, படப் பட்டையின் வெட்டுப்புள்ளியை மட்டும் 18 ஃபிரேம் வலப்பக்கம் நகர்த்துங்கள். ஒலி இருந்த இடத்திலேயே இருக்கும். கிளிப் எதையும் தள்ளவில்லை என்பதால் உதட்டசைவும் பேச்சும் பிசகாது. கிளிப்பின் படத்தை மட்டும் தனியே பிடித்து இழுத்தால் பிசகும்; அப்போது கிளிப்பின்மேல் சிவப்பில் ஓர் எண் தோன்றி, எத்தனை ஃபிரேம் தள்ளிப்போயிற்று என்று காட்டும்.

பெரும்பாலானோர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் போட்டுப் பார்த்தால், அப்பா இன்னும் திரையில் இருக்கும்போதே அவருடைய இரவின் ஒலி அறுந்து போயிருக்கும். கண் வீட்டில் இருக்க, காதிலிருந்து வீடே காணாமல் போகிறது. அதனால் கவுன்ட்டரின் ஒலியைத் தனி டிராக்கில் இறக்கி, பூச்சிச் சத்தத்தை வெட்டுக்குச் சற்று அப்பால் வரை நீட்டி, மெல்லத் தேய்த்து முடிக்க வேண்டும். கூட்ட இரைச்சலை லேசாக முன்னால் விட்டு அதன்மேல் கிளார்க்கின் குரலை வைத்தால் இன்னும் நன்றாக அமரும். கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஒலி மட்டுமே கேட்கும்போது எங்காவது பள்ளம் விழுந்தால் அங்கே வேலை பாக்கி இருக்கிறது.

இதற்கெல்லாம் வெட்டுப்புள்ளிக்கு அப்பாலும் படமும் ஒலியும் மிச்சம் இருக்க வேண்டும். ‘ஆக்‌ஷன்’ என்று சொன்ன மறுகணமே நடிகர் பேசத் தொடங்கினால், குரலுக்கு முன்னால் கிடைப்பது இயக்குநரின் சத்தம்தான். மூன்று நொடி பொறுத்துப் பேசச் சொல்லுங்கள். ஷாட் முடிந்த பிறகும் அதே அளவு கேமரா ஓடட்டும். ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் அரை நிமிடம் வெறும் ஒலியைப் பதிவு செய்துகொள்ளுங்கள். படப்பிடிப்புத் தளத்தில் இதற்கு யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. எடிட்டிங் அறையில் எல்லோரும் தேடுவது அந்த அரை நிமிடத்தைத்தான்.

அதே காட்சியை எல் கட்டில் முடித்தால் பொருளே மாறிவிடும். கவுன்ட்டரில் மகள் வரிசையில் நிற்கிறாள். அவள் முகத்தின்மேல், “நானூறு, ஐந்நூறு…” என்று அப்பா எண்ணும் குரல் தொடர்கிறது. ஜே கட்டில் நாளைய கவலை அப்பாவைத் தேடி வந்தது. இங்கே நேற்றைய இரவு மகளுடன் கவுன்ட்டர் வரை வருகிறது. எந்த ஒலியை எதன்மேல் விடுவது என்பது, இந்தக் காட்சி யாருடையது என்ற கேள்வி. அதற்கு விடை தெரியாமல் எல்லா வெட்டிலும் பழக்கத்தில் ஜே கட் போடும் படங்கள் நிறைய வருகின்றன. வழுவழுப்பாக ஓடும், எதுவும் மனதில் நிற்காது.

இனி மேட்ச் கட். அப்பாவின் கை கடைசி நோட்டைத் துண்டின்மேல் வைக்கப் போகிறது. மகளின் கை அதைக் கவுன்ட்டர் பலகையில் வைக்கிறது. ஜே கட்டையும் எல் கட்டையும் மேசையில் அமர்ந்து தீர்மானிக்கலாம், இதை முடியாது. இரண்டு ஷாட்டிலும் கை திரையின் அதே இடத்தில், அதே அளவில், அதே பக்கத்திலிருந்து, ஏறக்குறைய அதே வேகத்தில் வர வேண்டும். முதல் ஷாட்டின் ஒரு ஃபிரேமைக் கைபேசியில் வைத்துக்கொண்டு இரண்டாவதை எடுப்பது உதவும். மேசையில் ஒன்றன்மேல் ஒன்றை வைத்து மேலே இருப்பதை 50 சதவீதம் மங்கலாக்கினால், விலகல் உடனே தெரியும். சிறிய விலகலைப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி நகர்த்திச் சரிசெய்யலாம். கோணமே வேறாக இருந்தால் கைவிடுவதே மேல். வெட்டும் இடம், கை பாதி வழியில் இறங்கிக்கொண்டிருக்கும் கணம். அது நின்ற பிறகு வெட்டினால் இரண்டு கைகள் தெரியும். அசைவில் வெட்டினால் ஒரே கை.

வடிவமோ அசைவோ பொருந்தாமல் கருத்தால் மட்டும் பொருந்தும் வெட்டுகளும் உண்டு. ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வில் (1962) லாரன்ஸ் எரியும் தீக்குச்சியை ஊதி அணைக்க, பாலைவனத்தின் விடியல் வானம் வருகிறது. திரைக்கதையில் அங்கே ஒரு காட்சி கரைந்து மற்றொன்றாக மாறும் டிசால்வ் தான் எழுதப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில் டிசால்வை ஆய்வகத்தில் செய்ய வேண்டும். அதற்கு முன் ஒட்டிப் பார்த்த பிரதியில் இரண்டு ஷாட்டும் நேராக மோதி நின்றன. படத்தொகுப்பாளர் ஆன் வி. கோட்ஸும் இயக்குநர் டேவிட் லீனும் அதைப் பார்த்துவிட்டு டிசால்வைக் கைவிட்டார்கள். கோட்ஸ் பிறகு ஓரிரு ஃபிரேமை மட்டும் செதுக்கினார். அறையின் சிறு நெருப்பிலிருந்து அவ்வளவு பெரிய வெளிக்குப் போகும்போது மெல்ல நகர்த்தியிருந்தால் அந்தப் பிரமிப்பு கரைந்து போயிருக்கும். அந்தப் படத்தொகுப்புக்காக அவருக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது.