விடையைக் கடைசி வரை ஒளித்து வைக்கும் பாட்டு

1957இல் வெளிவந்த 'சக்கரவர்த்தித் திருமகள்' படத்தின் லாவணிப் போட்டிப் பாட்டைப் பலர் கேட்டிருப்பீர்கள். சீர்காழி கோவிந்தராஜனும் என்.எஸ். கிருஷ்ணனும் கேள்வியும் பதிலுமாகப் பாடியது அது. லாவணியில் கேள்வி முடிந்ததும் மெட்டு முடிவதில்லை. எதிராளியின் அடியும் அதே அளவில் வந்து விழுந்தால்தான் நிறையும். ஆகவே விடைக்கான இடம் பாட்டின் அமைப்பிலேயே காலியாகக் காத்திருக்கிறது. கவிஞர் தனியாகத் திருப்பம் தேட வேண்டியதில்லை.

ஆனால் காலி இடம் மட்டும் போதாது. அந்தப் பாட்டில் புகையும் நெருப்பும் இல்லாமல் எரிவது எது என்ற பொருளில் ஒரு கேள்வி வருகிறது. கேட்பவர் மனம் அடுப்பு, விளக்கு, வெயில் என்று பொருள்களைத் தேடி ஓடுகிறது. விடையோ பசித்தவர்களின் வயிறு. 'எரிவது' என்ற சொல் நெருப்புக்கும் பசிக்கும் பொருந்துவதால் விடை நியாயமாகிறது. விடுகதை அந்த நொடியிலேயே சமூக விமர்சனமாகவும் மாறிவிடுகிறது. கேள்வியில் சொன்ன அடையாளம் விடையில் பொருந்தாவிட்டால் அது வெறும் ஏமாற்று. வேறு விடையும் அதே அளவு பொருந்தினால் கேள்வி தளர்ந்தது என்று பொருள்.

விடை தெரிந்தபின் சுவை போய்விடாதா என்று கேட்கலாம். வியப்பு குறையும், உண்மைதான். ஆனால் மறுமுறை கேட்கும்போது, 'எரிவது' என்ற சொல் வரும்போதே பசி நினைவுக்கு வந்து, கேள்வியே கனத்துவிடுகிறது.