காய்ச்சல் இறங்கியது, ஆபத்து ஏறியது

இரவு டியூட்டி முடித்துக் கிளம்பும் நர்ஸ், காலையில் வருபவருக்காக எழுதிவைக்கும் குறிப்பு பெரும்பாலும் நாலைந்து வரிதான். மார்ச் 5 என்று தேதியிட்ட ஒரு குறிப்பு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

```
22.00 T 101.2F PR 104 BP 112/70 RR 20 SpO2 96% RA
Tab PCM 650 given
02.00 T 99.4 PR 116 BP 98/60 RR 24 SpO2 94
Fever settled. PCM supp PR SOS
```

இதைக் கணினியில் நோயாளியின் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். எதை அளந்தார்கள், எவ்வளவு, எந்த அலகில், எப்போது என்று ஒவ்வோர் எண்ணுக்கும் அங்கே தனித்தனிக் கட்டங்கள் உண்டு.

முதல் கண்ணி, நேரம். குறிப்பின் தலையில் மார்ச் 5 என்றிருந்தாலும், நள்ளிரவைத் தாண்டிய அந்த 2 மணி மார்ச் 6-ஐச் சேர்ந்தது. தேதியை அப்படியே ஏற்றினால் அது இரவு 10 மணிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடும். வரைபடத்தில் ரத்த அழுத்தம் 98-லிருந்து 112-க்கு ஏறும். நாடித்துடிப்பு 116-லிருந்து 104-க்கு இறங்கும். மோசமாகிக்கொண்டிருக்கும் நோயாளி, திரையில் தேறிவருவார்!

அடுத்தது சுருக்கெழுத்து. PR என்பது இரண்டு இடத்தில் வருகிறது. பக்கத்தில் எண் இருந்தால் நாடித்துடிப்பு. கடைசி வரியில், ஆசனவாய் வழியாக வைக்கும் மாத்திரை. அங்கேயே நிற்கும் SOS, தேவைப்பட்டால் மட்டும் என்கிறது. அதாவது மருந்து இன்னும் கொடுக்கப்படவில்லை. கொடுத்ததாகப் பதிந்தால், மறுபடி காய்ச்சல் வரும்போது அடுத்த வேளை மருந்து வீணாகத் தள்ளிப்போகும்.

99.4-க்கு அலகு இல்லை. உயிருள்ள மனிதருக்கு அது செல்சியஸாக இருக்க முடியாது என்பதால் பாரன்ஹீட் என்று கொள்ளலாம். ஆனால் ஊகித்தது என்ற அடையாளத்தோடுதான்.

ஒழுங்காக ஏற்றிய பிறகு என்ன தெரிகிறது? பிரிட்டனின் ராயல் மருத்துவர் கல்லூரி 2017-இல் திருத்தி வெளியிட்ட நியூஸ்-2 என்ற எச்சரிக்கை மதிப்பெண்ணைப் போட்டுப் பார்க்கலாம். உடல்நிலை மோசமாக ஆக மதிப்பெண் கூடும். 10 மணிக்கு நாடிக்கு 1, காய்ச்சலுக்கு 1, ஆக 2. விடிகாலை 2 மணிக்குக் காய்ச்சலுக்குப் பூஜ்யம். ஆனால் மூச்சுக்கு 2, ஆக்சிஜன் அளவுக்கு 1, ரத்த அழுத்தத்துக்கு 2, நாடிக்கு 2, மொத்தம் 7. ஏழைத் தொட்டாலே அவசரமாக மருத்துவக் குழுவை அழைக்க வேண்டும். காய்ச்சல் தணிந்தது என்று நர்ஸ் எழுதியது பொய்யில்லை. அது மட்டும்தான் தணிந்தது.

அந்த ஏழும் குறைந்தபட்சம்தான். நோயாளிக்கு நினைவு தெளிவாக இருந்ததா என்று எங்கும் எழுதவில்லை. சாதாரணக் காற்றைச் சுவாசிக்கிறார் எனச் சொல்லும் RA, 10 மணி வரியில் உண்டு. 2 மணி வரியில் இல்லை. மேல் வரியைப் பார்த்து நிரப்பாமல் இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டு, இரவு டியூட்டிக்காரர் வார்டை விட்டுப் போகுமுன் கேட்பதே முறை. அதற்குள் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள் என்றால் இன்னும் 2 கூடி, மதிப்பெண் 9.