அடுத்த வாய்தா யாருக்கு?

சிவில் வழக்கில் சிக்கியவர் வக்கீல் ஆபீசுக்குப் போன் போட்டால் முதலில் கேட்பது, "அடுத்த வாய்தா என்னைக்கு சார்?" தேதியைச் சொன்னால் போதும், நிம்மதியாகிவிடுவார். இப்போது அதைக் கேட்கவும் வேண்டாம். இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கின் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டால் செல்போனிலேயே தெரிகிறது. ஆனால் தேதியை மட்டும் பார்ப்பவர்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்.

ஒரு பாகப்பிரிவினை வழக்கை வைத்துக்கொள்வோம். அக்கா வாதி. அண்ணன் முதல் பிரதிவாதி, தம்பி இரண்டாம் பிரதிவாதி. சம்மனை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்ட தம்பி, நாள் கழித்து வக்கீலிடம் வருகிறார். அன்றாட வழக்குப் பட்டியலில் வழக்கு எண், கட்சிக்காரர் பெயர், எதற்காக என்ற கட்டத்தில் Written Statement என்று இருக்கிறது. எதிருரை போட இன்னும் நேரமிருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

தளத்தில் போன வாய்தா தேதியைத் தொட்டால் அன்று நடந்தது விரியும்:

```
D1 vakalat filed. D2 served, called absent, set ex parte. For WS of D1.
```

அண்ணனுக்கு வக்கீல் வந்துவிட்டார். தம்பிக்குச் சம்மன் சேர்ந்திருக்கிறது. டவாலி கூப்பிட்டபோது ஆளும் இல்லை, வக்கீலும் இல்லை. அவரை எக்ஸ்பார்ட்டி ஆக்கிவிட்டார்கள். பட்டியலில் தெரிந்த எதிருரை வாய்தா அண்ணனுக்கு மட்டும். D1, D2 என்ற இரண்டு எழுத்தைக் கவனிக்காவிட்டால் கட்சிக்காரரிடம் நேர் எதிரான செய்தி போய்விடும்.

இதில் ஓர் ஆறுதல் உண்டு. எக்ஸ்பார்ட்டி ஆனதும் எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆனதும் வேறு வேறு. டிக்ரி வராதவரை, சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 9, விதி 7-ன்படி வராததற்குத் தகுந்த காரணம் சொல்லி மனுப் போடலாம். வக்காலத்தும் எதிருரையும் கூடவே தயாராக இருந்தால் நல்லது, ஏனென்றால் எதிருரைக்கான 30 நாள் சம்மன் கிடைத்த அன்றே ஓடத் தொடங்கிவிட்டது. டிக்ரி ஆகிவிட்டால் வழி விதி 13. பொதுவாக டிக்ரி தேதியிலிருந்து 30 நாள் கெடு. தாண்டினால் தாமத மன்னிப்பு மனு வேறு சேரும்.

தளத்தை மட்டும் நம்பியும் பேசக் கூடாது. சில நாள் பதிவு ஏறத் தாமதமாகும். சில பதிவுகளில் நீதிபதி விடுப்பு என்பதைத் தவிர எதுவும் இருக்காது. அப்போது அதற்கு முந்தைய வாய்தாவுக்குப் பின்னோக்கிப் போக வேண்டும். அனுபவமுள்ள குமாஸ்தா நேரே கோர்ட்டுக்குப் போய் ஏ டயரியைப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார்.

பிறகு தம்பியிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "உங்களை எக்ஸ்பார்ட்டி ஆக்கியாச்சு. டிக்ரி இன்னும் ஆகலை, இன்னைக்குக் காலையில டயரியைப் பார்த்தாச்சு. அடுத்த வாய்தாவுக்குள்ள மனுப் போடணும். சம்மன் வாங்கின தேதியையும், அன்னைக்கு ஏன் வரலைங்கிறதுக்கு ஆதாரத்தையும் நாளைக்கே கொண்டு வாங்க."