நாய் கடித்தால் முதல் கால் மணி நேரம்

திங்கட்கிழமை மாலை, தெருவில் விளையாடும் சிறுவனின் கெண்டைக்காலில் நாய் கடித்து ரத்தம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவனை முதலில் கொண்டுபோக வேண்டிய இடம் குழாயடி.

ரேபிஸ் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துவிடும். கிருமி நரம்பில் ஏறும் முன் காயத்திலேயே அதை அழிக்கக் கிடைக்கும் வாய்ப்பு இது. குழாயைத் திறந்துவிட்டு, சோப்பு நுரை பற்கள் பதிந்த குழிக்குள்ளும் போகும்படி 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பதற்றத்தில் இரண்டு நிமிடமே பத்து நிமிடமாகத் தோன்றும். பிறகு போவிடோன் அயோடின் தடவலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் கூடாது. இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோல் கிழிந்து ரத்தம் வந்திருப்பதால் தடுப்பூசி மட்டும் போதாது. அது எதிர்ப்புச் சக்தியை உருவாக்கச் சில நாட்களாகும். அதுவரை காக்க, இம்யூனோகுளோபுலின் மருந்தைக் காயத்தைச் சுற்றியே செலுத்துவார்கள்.

அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில், முதல் ஊசி போட்ட நாள் பூஜ்யம். அடுத்தவை 3, 7, 28-ஆம் நாட்களில். சிறுவனுக்கு வியாழன், அடுத்த திங்கள், முதல் ஊசியிலிருந்து நான்கு வாரம் கழித்து வரும் திங்கள். தசையில் போடுவதென்றால் 14-ஆம் நாளும் சேரும். ஒரு தேதி தவறினால் உடனே போய்த் தொடர வேண்டும்; காயம் ஆறியதென்று பாதியில் நிறுத்தக் கூடாது.