முப்பது ஆண்டுக் கணக்கில் பதினோரு ஆண்டுச் சுழற்சி

சூரியப் புள்ளிகளின் ஆண்டுக் கணக்கு 30 ஆண்டுகளுக்கு மட்டும் கையில் இருக்கிறது என்று வையுங்கள். பீரியடோகிராம் அதை 30, 15, 10, 7.5 ஆண்டு அலைகளாகப் பிரித்துப் பார்க்கும். நாம் தேடும் 11 ஆண்டுச் சுழற்சி 15-க்கும் 10-க்கும் நடுவே விழுந்து, இரண்டிலும் கசிந்துவிடுகிறது. பின்னால் பூஜ்யங்களைச் சேர்த்தால் கோடு வழவழப்பாகும். முகட்டின் அகலம் குறையாது.

1927-ல் உட்னி யூல் வேறு வழியில் போனார். இந்த ஆண்டின் எண்ணிக்கையை முந்தைய இரண்டு ஆண்டுகளிலிருந்து கணித்தார்: சராசரியிலிருந்து சென்ற ஆண்டு விலகியதில் 1.34 மடங்கு, அதில் அதற்கு முந்தைய ஆண்டின் விலகலில் 0.65 மடங்கைக் கழிக்க வேண்டும். இந்த இரு எண்களே ஏறக்குறைய 10.6 ஆண்டுச் சுழற்சியைச் சொல்லிவிடுகின்றன. கட்டங்களுக்கு நடுவே விழும் தொல்லை இதில் இல்லை.

சரி, எத்தனை ஆண்டு பின்னோக்கிப் பார்ப்பது? ஒன்று என்றால் சுழற்சியே தெரியாது. 30 தரவுக்குப் பதினைந்து வைத்தால் இரைச்சலும் கூர்முகடாக எழும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், நம்பக் கூடாது. அகாய்கே அளவுகோல் பிழை குறைவதையும் கூடுதல் எண்களுக்கான அபராதத்தையும் எடைபோடும். ஆனால் சிறு தரவில் அதுவும் தாராளமாகவே கூட்டிவிடுகிறது. எனவே நான் வரிசையை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்ப்பேன்: 11-ஐ ஒட்டிய முகடு அசையாமல் நிற்கும், போலிகள் இடம் மாறும்.