மடிப்பில் மாட்டிய ஒரு சொல்

தாத்தா 1962-இல் அச்சிட்ட சிறு நூலை அப்படியே மறுபதிப்பாகக் கொண்டுவர விரும்பினார் நண்பர் ஒருவர். தையல் இறுகிப்போன பழைய பிரதி. அழுத்தி விரித்தால் முதுகு பிளந்துவிடும். ஆகவே, கைபேசியில் படம் எடுத்தோம். ஒரு பக்கத்தில் ‘வேலை’ என்றிருக்க வேண்டிய இடத்தில் ‘வேளை’. அதுவும் வரியின் கடைசியில், நடுமடிப்பை ஒட்டி.

புதிதாகத் தட்டச்சு செய்து ஒட்ட வழியில்லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு அது. ‘லை’ தும்பிக்கை வைத்த பழைய வடிவில் இருக்கும். அதே பக்கத்திலிருந்துதான் ஒரு ‘லை’யை எடுக்க வேண்டும். பக்கத்தின் நடுவிலிருந்து எடுத்து வைத்துப் பார்த்தேன். பூசணிக்காய் போல அகலமாகத் தெரிந்தது.

காரணம், மடிப்பருகே தாள் சரிந்து இறங்குகிறது. சரிவில் உள்ள எழுத்து கேமராவுக்கு ஒடுங்கித் தெரியும். அந்த இடம் கேமராவை விட்டு விலகியும் போவதால் மேல்வரிகள் கீழ்நோக்கியும் கீழ்வரிகள் மேல்நோக்கியும் வளையும். நடுவரி மட்டும் ஏறக்குறைய நேராக இருக்கும். இதனால், முழுப் படத்தையும் ஒரே பக்கமாக வளைத்து நிமிர்த்த முடியாது.

ScanTailor என்ற இலவச மென்பொருளில் Dewarping என்ற வசதி உண்டு. முதல் வரியின் மீது ஒரு கோட்டையும் கடைசி வரியின் மீது இன்னொன்றையும் வளைவுக்கேற்பப் புள்ளி புள்ளியாக இழுத்துப் பொருத்தினால், இடையில் உள்ள வரிகளை அது தானே நிமிர்த்தும். ஒடுங்கிய அகலத்தையும் விரிக்கும். வரி நேரானதும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. நான் ‘க’வை அளந்தேன். நிமிர்த்தும் முன் நடுவில் 40 பிக்சல், மடிப்பருகே 29. நிமிர்த்திய பின் 39. இந்த அளவு போதும்.

அகலம் சரியானாலும் கூர்மை திரும்பாது. 29 பிக்சலை 39 ஆக இழுத்தால் ஓரங்கள் சற்று மங்கும். நடுப்பக்கத்து ‘லை’ அங்கே பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். அதனால் அதே மடிப்போரத்தில், ஆறு வரி கீழே கிடைத்த ‘லை’யை GIMP-இல் வெட்டி எடுத்தேன். பழைய ‘ளை’யைப் பக்கத்திலுள்ள வெற்றுத்தாள் நிறத்தால் மறைத்து, புதியதைத் தனி அடுக்கில் வைத்தேன். அடுக்கை Multiply ஆக்கினால் எழுத்தைச் சுற்றியுள்ள தாளின் வெண்மை திட்டாகத் தெரியாது.

படத்தைச் சாம்பல் நிறத்திலேயே வைத்திருந்து, எழுத்தை மாற்றிய பிறகுதான் கருப்பு-வெள்ளையாக்க வேண்டும். மடிப்பு நிழலின் மிச்சமும் ஒட்டின் ஓரமும் அப்போது பெரும்பாலும் மறைந்துவிடும். தையலுக்குள்ளேயே புதைந்த எழுத்தை மட்டும் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. கேமரா பார்க்காதது படத்தில் இல்லை.

கடைசியாக, அச்சிட்ட தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். சொல்லாகப் படிக்க முடியாதபோதுதான் ஒட்டு கண்ணில் படும். ‘லை’ ஒரு முடியளவு மேலே நின்றது. மறுபடி உட்கார்ந்து ஒரு பிக்சல் இறக்கினேன்.